62 மூட்டையில் 45 போனால் 17 மிஞ்சுமா?

கேள்வி: "உள்பூச்சு முடிந்துவிட்டது. கையில் 62 மூட்டை சிமெண்ட் இருக்கிறது. வெளிப்பூச்சு 2,400 சதுர அடி, தரையில் டைல்ஸ் 850 சதுர அடி, இவ்வளவுதான் பாக்கி. மேஸ்திரி 45 மூட்டைக்கு மேல் ஆகாது என்கிறார். மிச்சமாகும் 17 மூட்டையை இப்போதே கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமா? மழைக்காலம் வருகிறது, வைத்திருக்க நல்ல இடமும் இல்லை."

இப்போது கொடுக்காதீர்கள். வெளியே ஒரு சுவரைப் பூசி முடிக்கும்வரை, அதாவது இன்னும் மூன்று நான்கு நாள், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கழித்தலில் பிழை இல்லை. அதில் கழிக்கப்படும் இரண்டு எண்களையும்தான் நான் நம்பவில்லை. 45 என்பதில் ஏழெட்டு மூட்டை முன்பின் ஆவது கட்டட வேலையில் சாதாரணம். 45ஐ வைத்துப் பார்த்தால் அது சின்னப் பிசகுதான். ஆனால் அந்தப் பிசகு முழுவதும் வந்து விழுவது 17இன் தலையில். செலவு எட்டு மூட்டை கூடினால் மிச்சம் பாதியாகிவிடும்.

இதை நான் கற்றது என் கைக்காசைச் செலவழித்துத்தான். கட்டட மேற்பார்வை வேலைக்கு வந்து இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. தொடக்கத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மாடி வீட்டில், இதேபோல் உள்பூச்சு முடிந்த கட்டத்தில், காகிதத்தில் கணக்குப் போட்டு 20 மூட்டை மிஞ்சும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அதைப் பக்கத்து மனைக்காரருக்குக் கொடுத்துவிட்டார். டைல்ஸ் வேலை முடிவதற்குள் 26 மூட்டை புதிதாக வாங்கவேண்டி வந்தது. வண்டிக் கூலியை நான்தான் கொடுத்தேன்.

முதலில் 62ஐப் பார்ப்போம். அடுக்கி வைத்த மூட்டைகளை வெளியே நின்று நீளம், அகலம், உயரம் என்று எண்ணிப் பெருக்கியிருந்தால் அது போதாது. அடுக்கின் நடுவில் பொந்து இருக்கும். அடி வரிசையில் இறுகிப்போன மூட்டை இருக்கும். வாய் திறந்து பாதி எடுத்த மூட்டையை மடித்து மேலே வைத்திருப்பார்கள், அதுவும் ஒன்று என்று எண்ணிக்கையில் சேர்ந்துவிடும். இரண்டு சித்தாள்களை வைத்து ஒருமுறை அடுக்கைப் பிரித்து மாற்றி அடுக்கச் சொல்லுங்கள். அரை நாள் வேலைதான். அப்போது ஒவ்வொரு மூட்டையையும் கையால் அழுத்திப் பாருங்கள். ஓரம் மட்டும் கெட்டியாக இருந்து, தரையில் இரண்டு புரட்டுப் புரட்டினால் இளகிவிடுகிறது என்றால் அது மேலிருந்த பாரத்தால் இறுகியது, அதனால் கெடுதல் இல்லை. உள்ளே கட்டி தட்டியிருந்தால் ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்குங்கள். பொடியாக உதிர்ந்தால் சலித்து டைல்ஸுக்குக் கீழே போடும் கலவைக்கு உடனே பயன்படுத்திவிடலாம். விரலுக்கு மசியாமல் கல்லாக இருந்தால் அந்த மூட்டையை எண்ணிக்கையிலிருந்து அடித்துவிடுங்கள். தரைமேல் பலகை போடாமல் நேராக அடுக்கியிருந்தால் அடி வரிசையில் மூன்று நான்கு மூட்டை இப்படிப் போவது வழக்கம். உங்கள் கணக்குக்கு மூன்று போனதாக வைத்துக்கொள்கிறேன். கையில் 59.

வாங்கிய ரசீதுகளைக் கூட்டி, காலிச் சாக்குகளை எண்ணிக் கழித்துச் சரிபார்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். செய்து பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பவேண்டாம். காலிச் சாக்கு மணல் அள்ளவும், தண்ணீர் தேக்கும் பாத்திக்கு வரப்புக் கட்டவும் போய்விடும், சில சாக்குகள் யார் வீட்டுக்கோ போய்விடும். சாக்குகள் குறைந்தால் இருப்பு கூடுதலாகத் தெரியும். இரண்டு வழியிலும் வந்த எண்கள் ஒன்றிரண்டு மூட்டைக்குள் ஒத்துப்போனால் நிம்மதி. பத்து வித்தியாசம் வந்தால், கடன் கொடுத்தது வாங்கியது ஏதாவது குறித்து வைக்காமல் விட்டிருக்கிறதா என்று மேஸ்திரியைக் கேளுங்கள்.

இனி 45. மேஸ்திரி இதை எப்படிப் போட்டிருப்பார் என்று ஊகிப்பது கடினமில்லை. வெளிப்பூச்சுக்கு 100 சதுர அடிக்கு ஒரு மூட்டை, ஆக 24. டைல்ஸுக்கு 100 சதுர அடிக்கு இரண்டு மூட்டை, ஆக 17. சில்லறை வேலைக்கு நான்கு. கூட்டினால் 45 சரியாக வருகிறது. அவர் பொய் சொல்லவில்லை. அந்த விகிதம் எந்தக் கனத்துக்குப் பொருந்தும் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

50 கிலோ மூட்டையில் சிமெண்ட் சுமார் 35 லிட்டர் இருக்கும். ஒன்றுக்கு ஐந்து என்று கலந்தால் மணல் 175 லிட்டர். சேர்ந்து 210 லிட்டர் உலர்ந்த கலவை. தண்ணீர் ஊற்றிப் புரட்டினால் மணலின் இடுக்குகளில் சிமெண்ட் புகுந்து, கன அளவு சுருங்கி ஏறத்தாழ 160 லிட்டர் சாந்துதான் கிடைக்கும். 100 சதுர அடிச் சுவரில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு 9.3 லிட்டர் சாந்து வேண்டும். 160ஐ 9.3ஆல் வகுத்தால் 17 சொச்சம். ஆக, ஒரு மூட்டைக்கு 100 சதுர அடி என்பது, சுவரெங்கும் 17 மில்லிமீட்டர் கனம் இருந்து, ஒரு கரண்டி சாந்துகூடக் கீழே விழாமல், செங்கல் இணைப்புகளுக்குள் துளியும் இறங்காமல் இருந்தால் வரும் கணக்கு. இணைப்புக்குள் போவது, சாரத்திலிருந்து சிந்துவது இரண்டுக்குமாக நான் எட்டில் ஒரு பங்கு கூட்டிக்கொள்வேன். வெளிப்பூச்சை 20 மில்லிமீட்டர் என்று வைத்தால் 100 சதுர அடிக்கு 1.3 மூட்டை ஆகிறது. உங்கள் 2,400 சதுர அடிக்கு 31 அல்லது 32. மேஸ்திரி சொன்ன 24 அல்ல.

உங்கள் சுவரில் கனம் எவ்வளவு வரும் என்பதை ஊகிக்கவேண்டியதில்லை, அளக்கலாம். ஒன்பது அங்குலச் சுவரில் ஒரு முகம்தான் நூல் பிடித்துக் கட்டப்பட்டிருக்கும். செங்கற்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லாததால் மறுமுகம் மேடும் பள்ளமுமாகத்தான் நிற்கும். கொத்தனார் எந்தப் பக்கம் நூல் பிடித்தார் என்று கேளுங்கள். உள்பக்கம் பிடித்திருந்தால் உள்பூச்சு சிக்கனமாக முடிந்திருக்கும், அந்தச் சிக்கனத்தின் விலையை இப்போது வெளிப்பக்கம் கேட்கும். உள்பூச்சுக்கு ஆன விகிதத்தை அப்படியே வெளிப்பூச்சுக்கு வைத்துக் கணக்கிடுவதில் உள்ள ஆபத்து இதுதான்.

இதைவிடப் பெரிய விஷயம் தூண்கள். வெளிச்சுவரின் செங்கல் முகத்தைவிட ஒரு கான்கிரீட் தூண் அரை அங்குலம் வெளியே துருத்திக்கொண்டிருந்தால், அந்தத் தூணின்மேல் குறைந்தபட்சப் பூச்சு நிற்கவேண்டும் என்பதற்காகச் சுவர் முழுவதையும் அந்த மட்டத்துக்கு வெளியே கொண்டுவரவேண்டியிருக்கும். ஒரே ஒரு தூண் ஒரு சுவர் முழுவதற்கும் கனத்தைத் தீர்மானித்துவிடும். சாரம் கட்டியபிறகு மேலிருந்து தூக்குக்குண்டு விட்டு, நூல் கட்டி, பூச்சின் மட்டத்தைக் காட்டும் சாந்துப் பொட்டுகளான புல்மார்க் வைக்கும்போது நீங்கள் அருகில் நில்லுங்கள். நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை ஒவ்வொரு சுவரிலும் பத்துப் பன்னிரண்டு இடங்களில் அளந்து சராசரி எடுத்தால், அதுதான் உங்கள் கனம். மேஸ்திரிக்கும் வாதாட இடமிருக்காது. ஏனென்றால் நூல் கட்டியது அவர்தான்.

கலவை விகிதத்திலும் ஒரு வார்த்தை. ஒன்றுக்கு ஐந்து என்று வாயால் சொல்வது ஒன்று, பாண்டில் விழுவது வேறு. ஒரு மூட்டைச் சிமெண்டைப் பாண்டில் தலைதட்டி அளந்து பாருங்கள். மூன்று பாண்டு நிறைந்தால் மணல் பதினைந்து பாண்டு விழவேண்டும், அதே பாண்டில், அதேபோல் தலைதட்டி. பதின்மூன்றோடு நிறுத்திவிட்டுக் கலக்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சாந்து கொழுகொழுவென்று சுவரில் நன்றாக ஒட்டும் என்பதால் கொத்தனாருக்கு அது வசதி. மணல் ஈரமாக இருந்தால் யாரும் ஏமாற்றாமலே இதே விளைவு வரும். ஈர மணல் உப்பும். நுண்மணலாக இருந்தால் கால் பங்குகூட உப்பும். அதனால் பதினைந்து பாண்டு ஈர மணலில் உண்மையான மணல் பன்னிரண்டு பாண்டுக்குத்தான் இருக்கும். மழைக்காலம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நனைந்த குவியலிலிருந்து அளந்து போட்டால், ஒரு மூட்டைக்குக் கிடைக்கும் சாந்து குறைந்து, சிமெண்ட் செலவு தானாகக் கூடும். மணலுக்குத் தார்ப்பாய் போடுவது சிமெண்டை மிச்சம் பிடிக்கும் வேலைதான்.

டைல்ஸுக்கு வருவோம். இங்கே எல்லாம் கீழே போடும் கலவையின் கனத்தைப் பொறுத்தது. ஒன்றுக்கு ஆறு கலவையில் ஒரு மூட்டைக்கு ஏறத்தாழ 188 லிட்டர் கிடைக்கும். 40 மில்லிமீட்டர் கனம் என்றால் 100 சதுர அடிக்கு 372 லிட்டர், அதாவது இரண்டு மூட்டை. இதோடு நின்றால் மேஸ்திரி சொன்னது சரி. ஆனால் டைல்ஸ் ஒட்டுவதற்குமுன் மேலே ஊற்றும் சிமெண்ட் பாலுக்குத் தனியாக 100 சதுர அடிக்கு 30 கிலோ போல ஆகும். அதைச் சேர்த்தால் 2.6 மூட்டை. 850 சதுர அடிக்கு 22. தரை நல்ல மட்டமாக இருந்து 30 மில்லிமீட்டரில் முடித்தால் 18க்கு இறங்கும். ஓர் அறையின் தரை மற்ற அறைகளைவிட ஓர் அங்குலம் தாழ்ந்திருந்தால், அந்த அறை மட்டும் உங்கள் மிச்சத்தில் இரண்டு மூட்டையைத் தின்றுவிடும். பால் ஊற்றாமல், பசை வாங்கி ஒட்டுவதாக இருந்தால் அந்த 30 கிலோவை நீக்கிவிடுங்கள்.

சில்லறை வேலை என்று நாம் அலட்சியமாகச் சொல்வதில் ஒரு பட்டியலே ஒளிந்திருக்கிறது. எலெக்ட்ரீஷியனும் பிளம்பரும் சுவரை வெட்டிக் குழாய் பதித்த இடங்களை அடைப்பது, ஜன்னல் சட்டத்தைச் சுற்றிப் பூசுவது, சன்ஷேடின் மேலும் கீழும், கைப்பிடிச் சுவரின் தலை, வாசற்படி, கழிவுநீர்த் தொட்டியின் மூடி. மேஸ்திரியின் சதுர அடிக் கணக்கு கூலிக்கான கணக்காக இருந்தால் இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பூச்சு அளவெடுக்கும் இந்தியத் தர விதியில், அரைச் சதுர மீட்டர்வரை உள்ள திறப்புகளைக் கழிப்பதில்லை. அதற்குமேல் மூன்று சதுர மீட்டர்வரை உள்ள ஜன்னல், கதவுக்கு ஒரு முகத்தை மட்டும் கழித்துவிட்டு, பக்கவாட்டுப் பூச்சைத் தனியாகச் சேர்க்காமல் விடுவார்கள். கூலி பேச அது நியாயமான சுருக்குவழி. சிமெண்டுக்கு அது பொருந்தாது. சிமெண்டுக்கு, சாந்து படும் பரப்பை மட்டும் அளக்கவேண்டும். சில்லறைக்கு நான் ஐந்து மூட்டை எப்போதும் ஒதுக்குவேன். ஆறு ஆனதும் உண்டு.

இப்போது மறுபடியும் கழித்துப் பாருங்கள். கையில் 59. வெளிப்பூச்சு 32, டைல்ஸ் 22, சில்லறை 5, மொத்தம் 59. மிச்சம் பூஜ்யம். உங்கள் 17 போன இடம் இதுதான். இதில் எந்த எண்ணிலும் பெரிய தவறு நேர்ந்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். மூன்று மூட்டை இறுகியது, பூச்சு மூன்று மில்லிமீட்டர் கூடியது, சிந்தியதைச் சேர்த்தது, பாலைச் சேர்த்தது, அவ்வளவுதான்.

என் பூஜ்யத்தையும் அப்படியே நம்பாதீர்கள். நான் உங்கள் சுவரைப் பார்க்கவில்லை. அதனால் ஒரே எண்ணாகச் சொல்லாமல் இரண்டு எல்லைகளாகச் சொல்கிறேன். சுவர் நேராக நின்று பூச்சு 18 மில்லிமீட்டரில் முடிந்து, தரையும் மட்டமாக இருந்தால், வெளிப்பூச்சுக்கு 28, டைல்ஸுக்கு 18, சில்லறைக்கு 4, மொத்தம் 50 ஆகும், ஒன்பது மூட்டை மிஞ்சும். பூச்சு 22க்குப் போய், தரைக் கலவை 45க்குப் போனால் 34, 24, 6 என்று 64 ஆகும், ஐந்து மூட்டை குறையும். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் எங்கோ நீங்கள் இருப்பீர்கள். 17 மிஞ்சுவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த ஒரு சுவர். வீட்டின் எளிதான சுவரை எடுக்காதீர்கள். தூணும் ஜன்னலும் சன்ஷேடும் உள்ள, 400 சதுர அடி போல வரும் சுவராக எடுங்கள். வேலை தொடங்குமுன் முழு மூட்டைகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பூசி முடித்த மாலை மறுபடி எண்ணுங்கள். வாய் திறந்த மூட்டையில் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பாராமல் பாண்டால் அளந்து சேருங்கள். ஐந்தரை மூட்டை ஆகியிருந்தால் 100 சதுர அடிக்கு 1.38. மீதி 2,000 சதுர அடிக்கு 27 அல்லது 28 மூட்டை. இந்த எண்ணில் உங்கள் கொத்தனாரின் கை, உங்கள் மணல், உங்கள் சுவரின் கோணல் எல்லாம் ஏற்கெனவே அடங்கியிருக்கின்றன. என் 160 லிட்டர் கணக்கைவிட இது மேல். வேறு சுவருக்கு நூல் கட்டும்போது கனம் மாறினால் அந்த விகிதத்தில் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம்.

அந்தச் சுவரைப் பூசும்போது மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு நடை போய்ப் பாருங்கள். பன்னிரண்டரை மணிக்கு ஒரு முழு மூட்டைக் கலவையைப் போட்டுவிட்டு, பாதியைப் பூசியபின் சாப்பிடப் போய், திரும்பி வந்து இறுகத் தொடங்கிய மீதியில் தண்ணீர் தெளித்துக் கிண்டிக்கொண்டிருந்தால் தடுத்துவிடுங்கள். தண்ணீர் சேர்த்த சாந்தை இரண்டு மணி நேரத்துக்குள் பூசிவிடவேண்டும். அதற்குமேல் கிண்டி உயிர்ப்பிப்பதெல்லாம் பின்னாளில் தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும் பூச்சாகத்தான் முடியும். சாப்பாட்டுக்கு முன் அரை மூட்டைக் கலவை போதும். சாரத்தின் அடியில் ஒரு தகரமோ பாயோ விரித்திருந்தால், மண் கலக்காமல் விழும் சாந்தை உடனுக்குடன் அள்ளிப் போடலாம். நான் பார்த்தவரையில் இந்த இரண்டால் மட்டும் ஒரு வெளிப்பூச்சில் இரண்டு மூட்டை நிற்கும்.

திருப்பிக் கொடுப்பது பற்றி: கடைக்காரர் எடுத்துக்கொள்வாரா என்பதை இன்றே பேசி வைத்துக்கொள்ளுங்கள், கொடுப்பதை மட்டும் தள்ளிப்போடுங்கள். வாய் திறக்காத, கட்டி தட்டாத, அண்மையில் தயாரான மூட்டைகளைத்தான் பெரும்பாலும் எடுப்பார்கள், வண்டிக் கூலி உங்களுடையது. சாக்கின்மேல் தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். பழையதை முதலில் எடுத்துச் செலவழித்துப் புதியதைக் கடைசிக்கு நிறுத்தினால், மிஞ்சுவது திருப்பக்கூடியதாக இருக்கும். மூன்று மாதம் தாண்டிய சிமெண்டைச் சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது என்பது பொது விதி. உங்களிடம் உள்ளது இரண்டு மாதத்துக்குள் செலவாகிவிடும் என்பதால் வயதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. ஈரம்தான் கவலை. இப்போது பூசி முடித்த உள் அறை ஒன்றில், தரையிலிருந்து அரையடி உயரத்தில் பலகை போட்டு, சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, பத்து மூட்டை உயரத்துக்கு மேல் போகாமல் நெருக்கமாக அடுக்கி, பிளாஸ்டிக் தாளால் மூடிவிடுங்கள். 59 மூட்டைக்கு இடம் பெரிதாக வேண்டாம், ஆறேழு மூட்டை பரப்பும் இடம் போதும். பூச்சுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கும் அறை மட்டும் வேண்டாம்.

ஒரு சுவர் முடிந்தபிறகும் ஐந்தாறு மூட்டை மிஞ்சும் என்று கணக்கு வந்தால், அதையும் டைல்ஸ் வேலை பாதி ஆகும்வரை தொடாதீர்கள். ஐந்து மூட்டை குறைந்து நடுவில் வேலை நின்றால் ஒரு கொத்தனாருக்கும் இரண்டு சித்தாளுக்கும் அன்றைய கூலியைச் சும்மா கொடுக்கவேண்டியிருக்கும். ஐந்து மூட்டை மிஞ்சினால், நட்டம் வண்டிக் கூலியும் கடைக்காரர் பிடித்துக்கொள்வதும்தான். மாறாகக் குறையும் என்று கணக்கு வந்தால் இப்போதே மொத்தமாக வாங்கி அடுக்கவேண்டாம். டைல்ஸின் கடைசி இரண்டு அறைகள் பாக்கி இருக்கும்போது மறுபடி எண்ணி, எத்தனை வேண்டுமோ அத்தனையை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். நூல் கட்டி அளந்த கனங்களை இங்கே எழுதினால், டைல்ஸ் தொடங்குமுன் நானும் ஒருமுறை கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.